ப்ராஜெக்ட் டெக்கை வைத்து இன்டர்வியூ பதில் தயாரிப்பது எப்படி?

கேள்வி: ஆட்டோ பார்ட்ஸ் மெஷின் ஷாப்பில் நான்கு வருடமாக ப்ரொடக்‌ஷன் இன்ஜினியர். செய்த ப்ராஜெக்ட்டுகளை டெக்காகப் போட்டு வைத்திருக்கிறேன். “ஒரு சிக்கலைத் தீர்த்த சம்பவத்தைச் சொல்லுங்கள்” என்று பேனலில் கேட்டால், ஸ்லைடை வரிசையாக ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறது. சூழ்நிலை, செயல், விளைவு என்ற அமைப்புக்கு டெக்கை எப்படி மாற்றுவது?

பதில்:

ஸ்லைடு ஸ்லைடாக மாற்றப் பார்க்காதீர்கள். டெக்கிலிருந்து ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை எடுங்கள். அந்த ப்ராஜெக்ட்டில் நீங்களே யோசித்து எடுத்த ஒரு முடிவைத் தேடுங்கள். அந்த முடிவை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் இருந்த நிலைமையைச் சூழ்நிலையாகவும், பின்னால் மாறியதை விளைவாகவும் கட்டுங்கள். முடிவு எதுவும் கிடைக்காத ப்ராஜெக்ட், ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு உதவாது.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. டெக் என்பது உங்கள் கம்பெனி மேனேஜ்மென்ட்டுக்காகவோ கஸ்டமர் ஆடிட்டுக்காகவோ செய்தது. அதில் எந்தெந்தக் கருவியைப் பயன்படுத்தினோம் என்ற வரிசை இருக்கும்: பரேட்டோ, மீன்முள் வரைபடம், ஆக்‌ஷன் பிளான், முன்பு – பின்பு படம், சேமிப்பு. பேனலில் இருப்பவருக்குத் தேவை வேறு. நிலைமை, செயல், விளைவு என்று கட்டம் போட்ட தாளோடு உட்காரும் பேனல்களில், நீங்கள் பேசப் பேச அவர் அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பார். நான் பேனலில் உட்கார்ந்த அனுபவத்தில், டெக்கை அப்படியே பேசுகிறவர்களுக்கு முதல் கட்டம் நிரம்பி வழியும், நடுக்கட்டம் காலியாகக் கிடக்கும். “டீமாகச் சேர்ந்து மூல காரணத்தைக் கண்டுபிடித்தோம், நடவடிக்கை எடுத்தோம்” என்பதிலிருந்து அந்தக் கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்காது.

ஒரு உண்மையான டெக்கை வைத்தே சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர், இன்டர்வியூவுக்கு முன்னால் தன் டெக்கைக் கொண்டுவந்தார். இரண்டு சி.என்.சி. லேத்களில் ஒரு பார்ட்டிலிருந்து அடுத்த பார்ட்டுக்கு மாற ஆகும் செட்டிங் நேரத்தைக் குறைத்த ப்ராஜெக்ட். மொத்தம் 16 ஸ்லைடு. கடைசிக்கு முந்தின ஸ்லைடில் பெரிய எழுத்தில் “செட்டிங் நேரம் 95 நிமிடத்திலிருந்து 40 நிமிடம், 58% குறைவு, ஆண்டுச் சேமிப்பு 5.15 லட்சம்” என்று இருந்தது.

முதலில் எல்லா ஸ்லைடையும் பிரின்ட் எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இது சூழ்நிலையா, செயலா, விளைவா என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். கம்பெனி அறிமுகம், டீம் போட்டோ, கருவிகளின் விளக்கம், நன்றி ஸ்லைடு ஆகியவை உடனே கழிந்தன. மீன்முள் வரைபடம் எதில் சேரும் என்று அவர் தடுமாறினார். அது எதிலும் சேராது. அதில் 20 காரணம் எழுதியிருந்தது. அவற்றில் இரண்டைத்தான் எடுத்து வேலை செய்தார்கள். ஏன் அந்த இரண்டு என்பதுதான் பதிலுக்குத் தேவை. அது எந்த ஸ்லைடிலும் இல்லை.

அதனால் அடுத்த வேலை, ஸ்லைடில் இல்லாததை வெளியே எடுப்பது. இதற்கு நான் கேட்பது மூன்று கேள்விதான். நீங்கள் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் இதில் எது நடந்திருக்காது? வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீர்கள்? யார் வேண்டாம் என்றார்கள்?

முதல் கேள்விக்கே பாதி டெக் காணாமல் போய்விட்டது. பழைய செட்டிங்கை வீடியோ எடுத்து நிமிட வாரியாகப் பிரித்தது இவர். ஆனால் பார்ட்டைப் பிடிக்கும் சக்கின் ஜா சம்பந்தமான யோசனை இவருடையது அல்ல, மூத்த செட்டர் ஒருவருடையது. பார்ட் மாறும்போதெல்லாம் சாஃப்ட் ஜாவை மெஷினிலேயே மாட்டி மறுபடி போரிங் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி ஜா செட்டைப் போரிங் செய்து வைத்துக்கொண்டு, எந்த ஜா சக்கில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று பஞ்ச் குத்தி வைத்தால், மாட்டியபின் லேசாக ஒரு கட் போட்டால் போதும் என்று சொன்னவர் செட்டர். தரம் பார்க்கும் க்யூசியோடு பேசி ஃபர்ஸ்ட் பீஸ் அனுமதி முறையை மாற்றியது இவர். டெக்கில் இவை மூன்றுக்கும் ஒரே வாக்கியம்: “நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன.”

வீடியோவிலிருந்து கிடைத்த பிரிப்பு இது. டூலும் ஜாவும் தேடி எடுத்து வர 24 நிமிடம். ஜா கழற்றி மாட்டிப் போரிங் செய்ய 31. ஆஃப்செட், ப்ரோகிராம் 15. ஃபர்ஸ்ட் பீஸ் எடுத்து, க்யூசி அறைக்குக் கொண்டுபோய், ஓ.கே. வாங்க 25. மொத்தம் 95. ஷாப்பில் எல்லோரும் ஜா வேலைதான் பிரச்சினை, ஹைட்ராலிக் க்விக் சேஞ்ச் சக் வாங்கினால் தீரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேடுவதும் காத்திருப்பதும் சேர்ந்து 49 நிமிடம், அதாவது பாதிக்கு மேல், என்று வீடியோ காட்டியது. புது சக் வேண்டாம், முதலில் இந்த 49-ஐப் பார்க்கலாம் என்று இவர் சொன்னார். ப்ராஜெக்ட்டில் இவர் யோசித்து எடுத்த முடிவு அதுதான். இவர் அதை ஒரு பை சார்ட்டாகப் போட்டு, தலைப்பில் “நேர ஆய்வு” என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.

முடிவு கிடைத்துவிட்டால் சூழ்நிலையை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரியும். அந்த முடிவு ஏன் கடினமாக இருந்தது என்று கேட்பவருக்குப் புரிவதற்கு எது தேவையோ அது மட்டும். இங்கே தேவைப்பட்டவை நான்கு: இரண்டு மெஷின், நாளுக்கு மெஷினுக்கு இரண்டு செட்டிங், ஒரு செட்டிங் 95 நிமிடம், டெலிவரியைப் பிடிக்க ஒவ்வொரு ஞாயிறும் ஓட்ட வேண்டியிருந்தது. கம்பெனி வரலாறு வேண்டாம், பார்ட்டின் உலோகம் வேண்டாம். கஸ்டமர் பெயரும் பார்ட் நம்பரும் கண்டிப்பாக வேண்டாம். “ஒரு டிராக்டர் கம்பெனிக்கான பார்ட்” என்றால் போதும். பழைய கம்பெனியின் டிராயிங்கை ஸ்லைடில் காட்டுகிறவரைப் பார்த்தால், நாளை நம் டிராயிங்கையும் இப்படித்தான் காட்டுவார் என்றுதான் பேனலில் இருப்பவர் நினைப்பார்.

ஒரு அளவைச் சொன்னால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் கையில் இருக்க வேண்டும். செட்டிங் நேரம் என்பது முந்தின லாட்டின் கடைசி நல்ல பீஸிலிருந்து அடுத்த லாட்டின் முதல் நல்ல பீஸ் வரை. சில ஷாப்களில் மெஷினை நிறுத்தியதிலிருந்து சைக்கிள் ஸ்டார்ட் வரை மட்டும் கணக்கிடுவார்கள். அப்போது க்யூசி காத்திருப்பு வெளியே போய்விடும், எண் சின்னதாகத் தெரியும். ப்ரொடக்‌ஷனிலிருந்து வந்த பேனல் ஆள் இதைக் கேட்பார்.

செயல் பகுதிதான் பதிலின் பெரும்பகுதி. இங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் இருக்க வேண்டும். “மாற்றப்பட்டது”, “முடிவு செய்யப்பட்டது” போன்ற செயப்பாட்டு வினை ஸ்லைடிலிருந்து நேராக வாய்க்கு வந்துவிடும். எழுதிப் பார்க்கும்போதே அடித்துவிடுங்கள். அடுத்ததாக, நான் – நாங்கள் பிரிப்பு. தமிழில் பேசும்போது தன்னைப் பற்றி “நான், நான்” என்று சொல்ல நமக்குக் கூச்சம் உண்டு. அதைப் போக்க நல்ல வழி, அடுத்தவர் பங்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. “ஜா யோசனை எங்கள் செட்டருடையது, அதை 14 பார்ட்டுக்கும் கொண்டுபோக ரேக்கும் நம்பரிங்கும் செய்தது நான்” என்று சொன்னால், உங்கள் பங்கு எது என்பது கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும். யோசனையை உங்களுடையதாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சாஃப்ட் ஜாவைப் போரிங் செய்யும்போது உள்ளே ஏன் ரிங் கடிக்க வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கையால் செய்தவருக்குத்தான் வாயில் பதில் இருக்கும்.

இவருடைய கதையில் சரக்கு அதிகம் இருந்த இடம் க்யூசி. ஃபர்ஸ்ட் பீஸில் 11 அளவுகளையும் அறையில் பார்த்த பிறகுதான் மெஷினை ஓட்டலாம் என்பது விதி. ஆஃப்செட்டால் மாறக்கூடிய 4 அளவுகளை மெஷின் பக்கத்திலேயே கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டலாம், மீதி 7 அறையில் நடக்கட்டும் என்று இவர் கேட்டார். க்யூசி ஹெட் முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஏழில் ஒன்று தப்பாகி, அதற்குள் 30 பீஸ் ஓடி நல்ல பீஸோடு கலந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனவே இவர் தன் கோரிக்கையை மாற்றினார். அறை ரிப்போர்ட் வரும்வரை ஓடும் பீஸ் எல்லாம் சிவப்பு ட்ரேயில் பூட்டியிருக்கும், ரிப்போர்ட் வந்த பிறகு க்யூசி ஆள்தான் திறப்பார். ஒரு மாதம் ஒரு மெஷினில் மட்டும் சோதிப்போம், ஒரு பீஸ் தப்பினாலும் பழைய முறைக்குத் திரும்புவோம். அந்த மாதம் ஒன்றும் தப்பவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது மெஷினுக்கும் க்யூசி ஹெட்டே ஒப்புக்கொண்டார்.

டெக்கில் இதற்கு ஒரு சிவப்பு ட்ரே படம் மட்டும் இருந்தது. இப்படி நீங்கள் யாரையாவது சம்மதிக்க வைத்த இடம் உங்கள் டெக்கிலும் ஏதாவது ஒரு படத்துக்குப் பின்னால் இருக்கும். “பின்பு” என்று போட்ட ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து, இது வருவதற்கு யார் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது என்று கேட்டால் பிடித்துவிடலாம்.

இப்போது விளைவு. 40 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிறந்த வாரத்தின் சராசரி. ஷிப்ட் லாகில் கடைசி மூன்று மாதம் பார்த்தால் சராசரி 46. இன்டர்வியூவில் 46-ஐச் சொல்லுங்கள் என்றேன். டெக்கில் 40, வாயில் 46 என்று இருக்கலாமா என்று தயங்கினார். டெக்கையும் 46 ஆக்கிவிட்டு, “சிறந்த வாரம் 40” என்று கீழே சின்னதாகப் போடச் சொன்னேன். “இப்போதும் அந்த அளவு நிற்கிறதா?” என்று பேனலில் கேட்காமல் விடமாட்டார்கள். 40 என்று சொல்லிவிட்டு அந்தக் கேள்வியில் 46-க்கு இறங்கினால், முன்னால் சொன்ன எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

பண எண்ணில் இன்னும் கவனம் தேவை. 5.15 லட்சம் எப்படி வந்தது என்றால், ஒரு செட்டிங்கில் மிச்சம் 55 நிமிடம், நாளுக்கு இரண்டு செட்டிங், மாதம் 26 நாள், இரண்டு மெஷின், மணிக்கு 450 ரூபாய் மெஷின் ரேட். பெருக்கல் சரி. ஆனால் மிச்சமான மணி நேரத்தில் மெஷின் சும்மா நின்றிருந்தால் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. இந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்ட டெக்குகள் நிறைய. இவரிடம் நல்ல பதில் இருந்தது, ஸ்லைடில்தான் இல்லை. 46 நிமிடக் கணக்கில் இரண்டு மெஷினுக்கும் சேர்த்து மாதம் சுமார் 85 மணி நேரம் கிடைத்தது. ஞாயிறு ஷிப்ட் மாதம் நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. மீதி நேரம் சின்ன லாட் ஓட்டப் போனது. லட்சக்கணக்கை விட்டுவிட்டு ஞாயிறைச் சொல்லச் சொன்னேன். ஞாயிறு ஷிப்ட் குறைந்ததா இல்லையா என்று ஓவர்டைம் ரெஜிஸ்டரைப் பார்த்தாலே தெரியும்; யாரும் ரேட்டைப் பற்றி விவாதிக்க முடியாது.

எல்லாம் சேர்ந்து அவர் பேசிய பதில், ஏறக்குறைய அவர் வாய்மொழியிலேயே:

“எங்க ஷாப்புல ரெண்டு சி.என்.சி. லேத்துல ஒரு நாளைக்கு மெஷினுக்கு ரெண்டு செட்டிங் வரும். ஒண்ணுக்கு 95 நிமிஷம் ஆகும். அதனால டெலிவரிக்காக எல்லா ஞாயித்துக்கிழமையும் ஓட்டிட்டு இருந்தோம். நேரத்தைக் குறைக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தாங்க. எல்லாரும் க்விக் சேஞ்ச் சக் வாங்கணும்னாங்க. நான் முதல்ல செட்டிங்கை வீடியோ எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். தேடறதும் க்யூசிக்குக் காத்திருக்கறதுமே 49 நிமிஷம். அதனால சக் இப்ப வேண்டாம், இதை முதல்ல பார்ப்போம்னு சொன்னேன். அடுத்த லாட்டுக்கான டூல், ஜா எல்லாம் மெஷின் ஓடும்போதே ட்ராலியில வந்து நிக்கற மாதிரி பண்ணேன். ஜாவைப் பார்ட்டுக்குத் தனித்தனியா வைக்கற யோசனை எங்க செட்டரோடது, 14 பார்ட்டுக்கு நான் அதைச் செஞ்சேன். கஷ்டமா இருந்தது க்யூசிதான். நாலு அளவை மெஷின்லயே பார்த்துட்டு ஓட்டலாம்னு கேட்டேன், கலந்துடும்னு மறுத்தாங்க. அது நியாயம்தான். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பீஸைச் சிவப்பு ட்ரேல பூட்டி வைக்கறோம், ஒரு மாசம் ஒரு மெஷின்ல மட்டும் பார்ப்போம்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப மூணு மாச சராசரி 46 நிமிஷம். ஞாயிறு ஷிப்ட் நாலுல இருந்து ஒண்ணாச்சு. ஜா மாட்டறதுல இன்னும் நேரம் போகுது. சக் வாங்கறதா இருந்தா இனிமே அதுக்குக் கணக்குக் காட்ட முடியும்.”

வாய்விட்டுச் சொன்னால் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம். போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். சூழ்நிலை அரை நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியது அங்கேதான். மனப்பாடம் செய்ய வேண்டாம். 95, 49, 46, நாலு – ஒன்று ஆகிய எண்களையும், சக் வேண்டாம் என்ற முடிவையும், சிவப்பு ட்ரேயையும் மட்டும் நினைவில் வைத்தால் வாக்கியம் தானாக வரும். இன்டர்வியூ இங்கிலீஷில் நடந்தாலும் முதலில் தமிழில் பேசிப் பாருங்கள். ஸ்லைடின் இங்கிலீஷ் வாக்கியங்கள் குறுக்கே வராமல் இருக்க அது உதவும்.

இதே ப்ராஜெக்ட்டை வேறு கேள்விக்கும் பயன்படுத்தலாம், ஆனால் நடுவில் வைக்கும் முடிவு மாற வேண்டும். “வேறு டிபார்ட்மென்ட்டோடு கருத்து வேறுபாடு வந்ததா?” என்றால் சூழ்நிலை 95 நிமிடம் அல்ல, 11 அளவும் அறையில் பார்த்தாக வேண்டும் என்ற விதியும், அதைக் காக்கும் க்யூசியின் பயமும்தான் சூழ்நிலை. வீடியோ ஒரு வரியில் போய்விடும், ட்ரே பேச்சுவார்த்தை ஒரு நிமிடம் ஓடும். விளைவிலும் நிமிடக் கணக்கை விட, இரண்டாவது மெஷினுக்கு க்யூசி ஹெட் தானே ஒப்புக்கொண்டதுதான் முன்னால் வர வேண்டும். “டேட்டாவை வைத்து எடுத்த முடிவு” என்று கேட்டால் வீடியோவும் சக் வேண்டாம் என்றதும் நடுவுக்கு வரும். ஒரே பேனலில் இந்த ப்ராஜெக்ட்டை இரண்டு முறைக்கு மேல் எடுக்காதீர்கள். நான்கு வருடத்தில் வேறு வேலையே செய்யவில்லையா என்று தோன்றிவிடும். இப்படி மூன்று ப்ராஜெக்ட் தயாராக இருந்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம். அதில் ஒன்று சரியாக வராத ப்ராஜெக்ட்டாக இருக்கட்டும். அதற்கு விளைவு என்பது எந்த அறிகுறியைப் பார்த்து நிறுத்தினீர்கள், அதன் பிறகு எதை மாற்றிச் செய்தீர்கள் என்பது.

பேனலுக்கு முன் டெக்கைத் திறக்க வேண்டுமா என்றால், அவர்கள் கேட்டால் மட்டும், அதுவும் ஒரே ஒரு ஸ்லைடு. இந்த ப்ராஜெக்ட்டுக்கு அது நேரப் பிரிப்பு ஸ்லைடு. பதிலை முடித்துவிட்டுக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் அவர்கள் படிக்கத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் பேசுவது காதில் விழாது. ஸ்லைடு தலைப்பையும் மாற்றிவிடுங்கள். “நேர ஆய்வு” என்பதற்குப் பதில் “95 நிமிடத்தில் 49 தேடுவதிலும் காத்திருப்பதிலும் போகிறது” என்று இவர் எழுதினார். மற்ற ப்ராஜெக்ட் ஸ்லைடுகளின் தலைப்புகளையும் இதே முறையில் எழுதிப் பாருங்கள். எந்த ஸ்லைடுக்கு இப்படி ஒரு வாக்கியத் தலைப்பு எழுத வரவில்லையோ, அதை பதிலுக்காக நோண்ட வேண்டியதில்லை. அடுத்த ப்ராஜெக்ட்டுக்குப் போகலாம்.